பாதிக் கவசத்தில் மட்டும் தலைகீழ் வெளிச்சம்

ஒரு கேமுக்காக இரும்புத் தலைக்கவசம் ஒன்று தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். நெற்றிப் பட்டையில் வரிசையாக ரிவெட்டுகள், கன்னப் பகுதியில் வாள் உரசிய கீறல்கள். பிளெண்டரில் செய்து முடித்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கேம் இன்ஜினுக்குள் கொண்டுவந்து, விளக்கை உச்சியில் வைத்துப் பார்த்தால், வலப் பாதி ரிவெட்டுகள் புடைத்து நிற்கின்றன. இடப் பாதியில் அதே ரிவெட்டுகள் குழிகளாகத் தெரிகின்றன. போதாக்குறைக்கு, வழவழவென்று இருக்க வேண்டிய நெற்றிப் பட்டையில் குறுக்கும் நெடுக்குமாக அழுக்கு நிழல்.

முப்பரிமாணக் கலைஞர்களிடம் கேட்டால் இந்தக் காட்சியை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். "நார்மல் மேப் உடைஞ்சிருக்கு" என்பார்கள். ஆனால் பெரும்பாலும் உடைந்திருப்பது அந்தப் படம் அல்ல. படத்தை எழுதிய மென்பொருளும் அதைப் படிக்கும் மென்பொருளும் திசைகளை வெவ்வேறு விதமாக எண்ணிக்கொண்டிருக்கின்றன.

நார்மல் மேப் என்பது அடிப்படையில் கண்ணை ஏமாற்றும் வித்தை. ஒரு பரப்பு மேடா பள்ளமா என்பதை நாம் பெரும்பாலும் அதன் மேல் விழும் வெளிச்சத்தையும் நிழலையும் வைத்தே முடிவு செய்கிறோம். எனவே உண்மையான மேடு பள்ளம் வேண்டியதில்லை, ஒவ்வொரு புள்ளியிலும் பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற திசையை மட்டும் மாற்றிச் சொன்னால் போதும் என்று 1978இல் ஜிம் பிளின் தன் ஆய்வுக் கட்டுரையில் காட்டினார். 1990களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் இதை இன்னும் நீட்டினார்கள். லட்சக்கணக்கான முக்கோணங்கள் கொண்ட மாதிரியின் திசைகளைப் படமாக்கி, சில ஆயிரம் முக்கோணங்களே உள்ள எளிய மாதிரியின் மேல் ஒட்டும் முறை வந்தது. 2004இல் வெளியான 'டூம் 3' அதை வீட்டுக் கணினிகளில் பரவலாகக் காட்டிய கேம்களில் ஒன்று. நுணுக்கமான மாதிரியை ஹை பாலி என்றும், எளியதை லோ பாலி என்றும், ஒன்றின் விவரத்தை மற்றதன் படத்துக்குள் இறக்குவதை பேக்கிங் என்றும் சொல்வது வழக்கம்.

அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. சிவப்பு இட-வலச் சாய்வைச் சொல்கிறது. பச்சை மேல்-கீழ்ச் சாய்வு. நீலம், பரப்பிலிருந்து நேராக வெளியே பார்க்கும் அளவு. எந்தப் பக்கமும் சாயாத இடத்துக்கு 128, 128, 255 என்ற மதிப்பு. நார்மல் மேப்புகளுக்கே உரிய அந்த இளநீலச் சாயல் இதனால் வருவதுதான்.

இட, வலம் என்றால் எதற்கு இடம், எதற்கு வலம்? பேருந்து நிலையத்தில் ஒருவர் "இடது கைப் பக்கம் திரும்பி நாலு கடை தாண்டுங்க" என்று வழி சொன்னால், கேட்பவரும் அவர் பார்க்கும் பக்கமே பார்த்து நின்றால்தான் கடை கிடைக்கும். எதிரும் புதிருமாக நின்றால் சொன்ன வழியில் பிழை இல்லை, போய்ச் சேரும் இடம் மட்டும் வேறு. நார்மல் மேப்பும் அப்படி ஒரு வழிக்குறிப்பே.

இந்தத் திசைகளை நிறுத்திவைக்க, லோ பாலி மாதிரியின் ஒவ்வொரு முனையிலும் மூன்று அம்புகள் உண்டு. முதலாவது நார்மல், பரப்பிலிருந்து வெளியே நீட்டுவது. இரண்டாவது டேன்ஜென்ட், படத்தை மாதிரியின் மேல் விரிக்கும்போது படத்தின் வலப்பக்கம் எங்கே விழுகிறதோ அந்தத் திசை. மூன்றாவது பைடேன்ஜென்ட், படத்தின் செங்குத்துத் திசை. மூன்றும் சேர்ந்ததுதான் டேன்ஜென்ட் பேசிஸ். பேக் செய்யும் மென்பொருள் ஹை பாலியின் திசையை இந்த மூன்று அம்புகளின் கணக்கில் பிரித்து எழுதுகிறது. இன்ஜின் தன்னிடம் உள்ள மூன்று அம்புகளை வைத்து அதைத் திரும்பக் கூட்டிப் படிக்கிறது. இரண்டு பக்கமும் அம்புகள் ஒன்றாக இருந்தால் எழுதிய திசையே திரும்பக் கிடைக்கும். ஓர் அம்பு பிசகினாலும் வேறு ஏதோ கிடைக்கும்.

இந்தப் பிசகு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதற்கு ஒரு கனசதுரமே சாட்சி. ஆறு முகங்களையும் ஸ்மூத் ஷேடிங்கில் போட்டால், மூலையில் உள்ள நார்மல் அம்பு மூன்று முகங்களுக்கும் நடுவே பார்த்து நிற்கும். எந்த முகத்தின் நேர்த்திசையிலிருந்தும் அது சுமார் 54.7 பாகை விலகியிருக்கும். முகம் தட்டையாகத் தெரிய வேண்டுமானால் அந்த 54.7 பாகையையும் படம் பின்னோக்கித் திருப்பியாக வேண்டும். அதனால் முகத்தின் நடுவில் 255 ஆக இருக்கும் நீலம், மூலைக்குப் போகும்போது 201 வரை இறங்கும். படத்தைத் திறந்து பார்த்தால் தட்டையான முகத்துக்கு ஒரே இளநீலம் இருக்காது, மூலைகளில் வானவில் போல நிறம் மாறிக்கொண்டே போகும். கழிக்க வேண்டியதைக் கழிக்கத்தான் அந்த நிறங்கள். இன்ஜினின் அம்புகள் சிறிது விலகினாலும் கழித்தல் சரியாக நடக்காது, மிச்சம் தங்கும். அந்த மிச்சம்தான் கவசத்தின் நெற்றிப் பட்டையில் அழுக்காகத் தெரிந்தது.

நார்மலைப் பற்றி மென்பொருள்களுக்கிடையே பெரிய சண்டை இல்லை, அது கோப்பிலேயே எழுதப்பட்டு வருகிறது. டேன்ஜென்ட்தான் சிக்கல். ஒரு முனையில் ஐந்தாறு முக்கோணங்கள் சேரும்போது அவற்றின் டேன்ஜென்ட்களை எப்படிச் சராசரி எடுப்பது, எங்கே பிரிப்பது என்பதற்கு ஒரு காலத்தில் பொது விதி கிடையாது. மாயாவுக்கு ஒரு கணக்கு, 3டிஎஸ் மேக்ஸுக்கு ஒன்று, ஒவ்வொரு இன்ஜினுக்கும் சொந்தமாக ஒன்று. மார்டன் மிக்கெல்சன் 2008இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வேட்டில் இதைக் கையில் எடுத்தார். அதிலிருந்து பிறந்த முறைக்கு மிக்டிஸ்பேஸ் என்று பெயர். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி `mikktspace.c` என்ற கோப்பில் கொடுத்ததுதான் அது பரவியதற்குப் பெரிய காரணம். பிளெண்டர், எக்ஸ்நார்மல், சப்ஸ்டன்ஸ், மார்மோசெட் என்று பேக் செய்யும் கருவிகள் அதை ஏற்றன. அன்ரியல், யூனிட்டி இன்ஜின்களிலும் அது உண்டு. ஜிஎல்டிஎஃப் 2.0 கோப்பு வடிவத்தின் விதிகளும், கோப்பில் டேன்ஜென்ட் இல்லாவிட்டால் மிக்டிஸ்பேஸ் முறையில் கணக்கிடச் சொல்கின்றன. முக்கோணங்களை எந்த வரிசையில் கொடுத்தாலும் ஒரே விடை தருவது இந்த முறையின் சிறப்பு. முனைகளின் இடம், நார்மல், யூவி, முக்கோணப் பிரிப்பு நான்கும் மாறாமல் இருந்தால் பிளெண்டரில் வந்த டேன்ஜென்ட்டே இன்ஜினிலும் வரும்.

பிறகு ஏன் கவசம் கெட்டது? அதில் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒன்றாகக் கலந்து நிற்கக்கூடும். ஒரே பொத்தானால் எல்லாம் சரியாகும் என்று நினைத்துத் தேடுபவர்கள்தான் இதில் அதிக நேரத்தை இழக்கிறார்கள்.

அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன், பேசிஸோடு சம்பந்தமே இல்லாத ஒரு கோளாறைக் கழித்துவிடுவது நல்லது. நார்மல் மேப்பை இன்ஜின் சாதாரண வண்ணப் படமாக எண்ணி எஸ்ஆர்ஜிபி திருத்தம் செய்துவிட்டால், 0.5 ஆக இருக்க வேண்டிய நடு மதிப்பு 0.216 ஆகச் சுருங்கும். தட்டையான பரப்பு முழுவதும் ஏறக்குறைய 39 பாகை ஒரே பக்கமாகச் சாய்ந்ததுபோல் தெரியும். அன்ரியலில் அந்தப் படத்தின் `sRGB` குறியை எடுத்துவிட்டு, `Compression Settings` பகுதியில் `Normalmap` என்று வைத்தால் போதும். யூனிட்டியில் `Texture Type` என்பதை `Normal map` ஆக்க வேண்டும்.

இனி முதல் கோளாறு, பச்சை. பைடேன்ஜென்ட் அம்பு படத்தில் மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பதில் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஓப்பன்ஜிஎல் மரபில் மேலே, டைரக்ட்எக்ஸ் மரபில் கீழே. பிளெண்டரும் யூனிட்டியும் முதல் கட்சி, அன்ரியல் இரண்டாவது. ஒரு கட்சிக்காக எழுதிய படத்தை மறு கட்சியிடம் கொடுத்தால் மேல்-கீழ் வெளிச்சம் மட்டும் தலைகீழாகும், இட-வலம் சரியாகவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க இன்ஜின்கூட வேண்டாம். படத்தின் பச்சைச் சேனலை மட்டும் தனியாகப் பார்த்தால், புடைத்த ரிவெட்டின் மேல் விளிம்பு வெளுப்பாகவும் கீழ் விளிம்பு கருப்பாகவும் இருந்தால் அது ஓப்பன்ஜிஎல் படம். மாறி இருந்தால் டைரக்ட்எக்ஸ். மருந்தும் எளிது. அன்ரியலில் படத்தைத் திறந்து `Flip Green Channel` என்பதைக் குறியிடலாம், அல்லது பிளெண்டரில் பேக் செய்யும்போதே `Swizzle` வரிசையில் `G` என்பதை `-Y` ஆக மாற்றலாம். இரண்டில் ஒன்றை மட்டும் செய்ய வேண்டும். கலைஞர் பிளெண்டரில் ஒரு முறை திருப்ப, இன்ஜினில் இருப்பவர் அது தெரியாமல் இன்னொரு முறை திருப்ப, படம் பழையபடி நிற்பது குழுவாக வேலை செய்யும் இடங்களில் சகஜம்.

ஆனால் நம் கவசத்தில் வலப் பாதி சரியாக இருக்கிறதே? பச்சை கோளாறு என்றால் இரு பாதியும் சேர்ந்தல்லவா கெட வேண்டும். இங்கே `Flip Green Channel` குறியிட்டால் இடப் பாதி சரியாகி வலப் பாதி கெடும், அவ்வளவுதான். பாதி மட்டும் தலைகீழ் என்றால் கோளாறு படத்தில் இல்லை. அது இரண்டாவது வகை.

கவசம் இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால், படத்தில் இடத்தை மிச்சப்படுத்த வலப் பாதியை மட்டும் விரித்து, இடப் பாதியின் யூவியையும் அதே இடத்தில் கண்ணாடிப் பிம்பமாக வைத்திருக்கிறார்கள். தொழிலில் இது அன்றாட வழக்கம். இதன் விளைவாக இடப் பாதியில் டேன்ஜென்ட் அம்பு எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. பெரும்பாலான இன்ஜின்கள் பைடேன்ஜென்ட்டைத் தனியாகச் சேமிப்பதில்லை. நார்மலையும் டேன்ஜென்ட்டையும் குறுக்குப் பெருக்கி அதை வரவழைக்கின்றன. டேன்ஜென்ட் திரும்பினால் பெருக்கித் தரும் அம்பும் திரும்பும். மேலே பார்க்க வேண்டியது கீழே பார்க்கும். இதைத் திருத்தத்தான் டேன்ஜென்ட்டோடு நான்காவது எண்ணாக ஒரு குறி வைக்கப்படுகிறது. சாதாரணப் பாதிக்கு +1, பிம்பப் பாதிக்கு -1. ஷேடரிலோ, கோப்பைப் படிக்கும் நிரலிலோ யாராவது அந்த நான்காவது எண்ணை விட்டுவிட்டால் இடப் பாதி ரிவெட்டுகள் குழியாகும்.

```
// தவறு: குறி விடுபட்டது
float3 B = cross(N, T.xyz);

// சரி
float3 B = cross(N, T.xyz) * T.w;
```

இன்ஜினோடு வரும் ஷேடர்களில் இந்தத் தவறு இருக்காது. சொந்தமாக ஷேடர் எழுதும்போதும், கோப்பைப் படிக்கும் நிரலைத் தாங்களே எழுதிக்கொள்ளும்போதும்தான் இது நுழைகிறது. இதற்கு ஒரு தம்பியும் உண்டு. மாதிரியையே இன்ஜினுக்குள் -1 அளவில் திருப்பிப் போட்டு இடக்கைக் கவசத்தை வலக்கைக்கும் பயன்படுத்தினால், அந்தத் திருப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். யூனிட்டி அதற்காகவே `unity_WorldTransformParams.w` என்ற மதிப்பை வைத்திருக்கிறது. மேலே உள்ள பெருக்கலில் அதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

பிம்பப் பாதியில் இன்னொரு பொறி பேக்கிங்கிலேயே இருக்கிறது. இரண்டு பாதியும் ஒரே யூவி இடத்தில் கிடக்கும்போது பேக் செய்தால், மென்பொருள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும். எந்தப் பாதி கடைசியில் எழுதப்பட்டதோ அது மிஞ்சும், சில சமயம் திட்டுத்திட்டாக இரண்டும் கலக்கும். பேக் செய்வதற்கு முன் இடப் பாதியின் யூவியைச் சரியாக 1 அலகு பக்கவாட்டில் நகர்த்திவிட்டால் போதும். பிளெண்டரின் யூவி எடிட்டரில் அந்தப் பாதியைத் தேர்ந்து `G`, `X`, `1` என்று தட்டினால் நகர்ந்துவிடும். படம் திரும்பத் திரும்ப அடுக்கப்படுவதாகவே இன்ஜின் படிப்பதால், 1 அலகு தள்ளி நின்றாலும் இடப் பாதிக்கு அதே புள்ளிகள்தான் கிடைக்கும்.

மூன்றாவது கோளாறு, நெற்றிப் பட்டையின் அழுக்கு நிழல். மூன்றிலும் இதுதான் கள்ளத்தனமானது. மேடு பள்ளமெல்லாம் சரியான பக்கமே இருக்கும். விளக்கைச் சுற்றி நகர்த்தும்போது மட்டும், தட்டையான இடத்தில் மூலைவிட்டமாக ஒரு மடிப்பு தோன்றி மறையும். பளபளப்பான உலோகத்தில் அது பளிச்சென்று தெரியும், மங்கலான துணியில் கண்ணுக்கே படாது.

மூலைவிட்டம் என்பதே துப்பு. கலைஞர்கள் நாற்கரங்களில் மாதிரி செய்கிறார்கள், கணினி வரைவதோ முக்கோணங்களில். ஒரு நாற்கரத்தை எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு வெட்டுவது என்பதில் பிளெண்டர் ஒரு முடிவும் அன்ரியல் வேறு முடிவும் எடுத்தால், நடுவில் உள்ள புள்ளிகளில் அம்புகள் மாறிப்போகும். மிக்டிஸ்பேஸ் எவ்வளவு ஒழுங்காகக் கணக்கிட்டாலும் பயன் இல்லை, கணக்கிடும் பொருளே வேறு. எனவே பேக் செய்வதற்கு முன்பே `Triangulate` மாடிஃபையரைப் போட்டு வெட்டைத் தீர்மானித்துவிட வேண்டும். பேக் செய்த அதே வெட்டு ஏற்றுமதிக் கோப்பிலும் போக வேண்டும். பேக் முடிந்த பிறகு முக்கோணமாக்குவது பிரச்சினையை அப்படியே விட்டுவைக்கும்.

அடுத்த துப்பு நார்மல்கள். எஃப்பிஎக்ஸ் கோப்பாக ஏற்றும்போது பிளெண்டரின் `Smoothing` தேர்வை `Face` என்று வைத்தால், எந்த விளிம்பு கூர்மை, எந்த விளிம்பு வழவழப்பு என்ற தகவலும் கூடவே போகும். அன்ரியலில் மாதிரியைத் திறந்து `Build Settings` பகுதியில் பார்த்தால் `Recompute Normals` என்பது அணைந்திருக்க வேண்டும். அது எரிந்தால் இன்ஜின் தானாக நார்மல்களைப் புதிதாகப் போட்டுக்கொள்ளும், பேக் செய்தபோது இருந்த நார்மல்கள் காணாமல் போகும். அதே இடத்தில் `Recompute Tangents`, `Use MikkTSpace Tangent Space` இரண்டும் எரிந்திருந்தால் இன்ஜின் மிக்டிஸ்பேஸ் முறையில் டேன்ஜென்ட்களைக் கணக்கிடும். யூனிட்டியில் இதற்கு இணை, மாதிரியின் இறக்குமதிப் பக்கத்தில் `Normals` என்பதை `Import` என்றும் `Tangents` என்பதை `Calculate Mikktspace` என்றும் வைப்பது.

இவ்வளவும் செய்தும் நிழல் போகவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது டேன்ஜென்ட்தானா என்று உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. பிளெண்டரின் பேக் பகுதியில் `Space` என்பதை `Tangent` என்பதிலிருந்து `Object` ஆக மாற்றி ஒரு முறை பேக் செய்யலாம். இந்தப் படம் அம்புகளைச் சார்ந்ததே அல்ல, திசைகளை மாதிரியின் சொந்த அச்சுகளிலேயே எழுதுகிறது. அதைப் பிளெண்டரிலேயே லோ பாலியின் மேல் போட்டு, `Normal Map` கணுவிலும் `Object Space` என்று வைத்துப் பார்த்தால், நெற்றிப் பட்டை சுத்தமாகத் தெரிகிறதா? அப்படியானால் பேக்கிங்கில் குற்றம் இல்லை, பேசிஸ்தான் காரணம். அதிலும் நிழல் இருந்தால் ஹை பாலியையோ, கதிர் எட்டும் தூரத்தைத் தீர்மானிக்கும் `Max Ray Distance` மதிப்பையோ பார்க்க வேண்டும். பிம்பப் பாதியை இந்தச் சோதனையில் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆப்ஜெக்ட் வகைப் படத்துக்குப் பிம்பம் புரியாது, அந்தப் பாதி தவறாகத்தான் தெரியும்.

சப்ஸ்டன்ஸ் பெயின்டர் வழியாக வேலை செய்பவர்களுக்கு இன்னும் ஒரு தேர்வு காத்திருக்கிறது. புதிய புராஜெக்ட் தொடங்கும்போதே `Normal Map Format` என்பதில் `OpenGL` அல்லது `DirectX` கேட்கும். கூடவே `Compute Tangent Space Per Fragment` என்று ஒரு குறி இருக்கும். பைடேன்ஜென்ட்டை ஒவ்வொரு முனையிலும் கணக்கிடுவதா, ஒவ்வொரு புள்ளியிலும் கணக்கிடுவதா என்பதே கேள்வி. அன்ரியல் புள்ளிக்குப் புள்ளி கணக்கிடுவதால், அங்கே போகும் வேலைக்கு இதைக் குறியிட வேண்டும். விட்டுவிட்டால் பெரிய பிழை தெரியாது. பளபளப்பான வளைவுகளில் மட்டும் ஒளிப்பட்டை கொஞ்சம் நெளியும்.

எல்லாம் பொருந்திய பின்னும் சிறிது மிச்சம் தங்கலாம். படத்தில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான், அதன் மேல் சுருக்கமும் சேர்கிறது. 54.7 பாகையைக் கழிக்கச் சொன்னால் அந்தப் படிகள் பளபளப்பில் பட்டைபட்டையாகத் தெரியும். அனுபவமுள்ள கலைஞர்கள் படத்தின் தலையில் அவ்வளவு சுமையை ஏற்றுவதில்லை. நெற்றிப் பட்டை கவசத்தோடு சேரும் செங்குத்து விளிம்பை ஷார்ப்பாகக் குறித்து, அதே விளிம்பில் யூவியையும் வெட்டிவிடுகிறார்கள். நார்மல் அம்பு முகத்தோடு ஒட்டி நிற்கும், கழிக்க வேண்டியது குறையும், படமும் இளநீலமாக அமைதியாகும். விளிம்பை ஷார்ப்பாக்கி யூவியை வெட்டாமல் விட்டால் அந்த விளிம்பு நெடுகிலும் மெல்லிய கோடு விழும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அன்ரியல் தன் டேன்ஜென்ட்களைச் சாதாரணமாக 8 பிட்டில்தான் சேமிக்கிறது. கண்ணாடி போன்ற உலோகத்தில் இதுகூட அலையடிக்கும். அத்தகைய ஓரிரு மாதிரிகளுக்கு மட்டும் `Use High Precision Tangent Basis` குறியைப் போட்டு 16 பிட்டுக்கு மாற்றலாம், நினைவகம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். தூரத்தில் காட்டுவதற்காக இன்ஜின் தானாகக் குறைத்துச் செய்யும் மாதிரிகளில் முனைகளே மாறுவதால், அங்கே பேசிஸ் மீண்டும் கொஞ்சம் விலகும். கவசம் திரையில் சில அங்குலம் இருக்கும்போது அதை யாரும் கவனிப்பதில்லை. அருகில் வரும்போது ஒரு மாதிரியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் கணத்தில் வெளிச்சம் துள்ளினால், தாவும் தூரத்தைத் தள்ளிவைப்பார்கள், அல்லது அந்த இடைநிலை மாதிரியைக் கையாலேயே செய்து, அதற்குத் தனியாக ஒரு முறை பேக் செய்வார்கள்.